பிறந்தான்... ஆனால் பிறக்கவில்லை!

"குழந்தை பிறந்துவிட்டதா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது சுலபம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டடமே எழுந்து உட்காரும்படி கத்துகிற ஒரு ஜீவனைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு, இதில் என்ன சந்தேகம்?

ஆனால், துபாயில் இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பங்களை வாங்குகிற மையத்தில், கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்மணி என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஒரு தப்பு பண்ணியிருக்கீங்க" என்றார்.

"எங்கே?"

"குடியுரிமை எப்படி வந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல 'பர்த்'னு போட்டிருக்கீங்க. பிறப்பால்னு."

"ஆமா. பிறந்திருக்கானே!"

என் மனைவி மடியில் இருந்தவனைச் சற்றே தூக்கிக் காட்டினாள். அவனும் சாட்சி சொல்வதுபோல ஒரு கொட்டாவி விட்டான்.

"பிறந்திருக்கான் சார். ஆனா இந்தியாவுல பிறக்கலையே? 'பர்த்'னா இந்திய மண்ணுல பிறந்தவங்க. இவன் 'டிசென்ட்'. வம்சாவளியால வர்ற குடியுரிமை. அதுக்கும் முதல்ல பிறப்பைப் பதிவு பண்ணணும். பண்ணினாத்தான் இந்தியன்."

"பண்ணலேன்னா?"

அவர் சிரித்தார். "அதுக்குத்தானே சார் இந்த கவுண்டர்!"

அதோடு விட்டிருந்தால் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு வேறு கட்டத்தில் டிக் போட்டு முடித்திருப்பேன். ஆனால் அவர் அடுத்த தாளை எடுத்தார். அது என் மகனின் துபாய் பிறப்புச் சான்றிதழ். "இது என்ன சார், பேருக்கு முன்னாடி ஒரு 'எஸ்'?"

"இனிஷியல். என் பேரோட முதல் எழுத்து."

"பாஸ்போர்ட்டுல இனிஷியல் போட முடியாது. விரிச்சு எழுதணும்."

"சரி, விரிச்சு எழுதிடறேன்."

"அப்படி எழுதினா பிறப்புச் சான்றிதழோட ஒத்துப்போகாதே?"

புரிகிறதல்லவா? விரித்து எழுதினால் சான்றிதழோடு இடிக்கும். சான்றிதழில் உள்ளபடி எழுதினால் விதியோடு இடிக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடலாம் என்றால், இங்கே மூக்கே இல்லை!

குற்றம் முழுக்க என்னுடையது. பிரசவ ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தபோது, சந்தோஷத்தில் கை நடுங்க, நம்மூர் வழக்கப்படி இனிஷியலோடு பெயரை எழுதினவன் நான்தான். இனிஷியல் இல்லாமல் ஒரு பெயரா? நான் படித்த பள்ளிக்கூடத்தில் இனிஷியல் எழுத மறந்தால் பரீட்சைப் பேப்பரையே வாத்தியார் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழுக்கு அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்கிவிட்டேன். ஆக, தப்பு இப்போது முத்திரை குத்தப்பட்ட தப்பு.

இன்னொரு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. காரணம், ஊரில் அப்பா. மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். பக்கவாதம் வந்து, வலது கை விழுந்து, ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் பேரனைப் பார்ப்பார். பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் தெளிவாக வரும். "எப்படா கூட்டியாறே?"

பையனுக்கு அன்று நாற்பத்தோராவது நாள். அமீரகத்தில் குழந்தை பிறந்தால் 120 நாளைக்குள் அதற்குக் குடியிருப்பு விசா எடுத்தாக வேண்டும். விசாவுக்கு பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புப் பதிவு வேண்டும். பிறப்புப் பதிவுக்கு ஒழுங்கான பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டு நின்றன. இன்ஜின் மட்டும் என் இனிஷியலில் மோதி நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் நேராக எங்கள் தெரு டைப்பிங் சென்டருக்குப் போனேன். வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், டைப்பிங் சென்டர் என்பது வெறும் டைப் அடிக்கிற இடம் இல்லை. வக்கீல், ஜோசியர், குடும்ப டாக்டர் மூன்று பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இடம். எங்கள் சென்டரில் இருப்பவர் கீழக்கரைக்காரர். முப்பது வருஷத்துக்கு மேலாக துபாயில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய்தான்.

"பாய், அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்தியன். புள்ள மட்டும் எப்படி இந்தியன் இல்லாம போவான்?" என்று ஆவேசமாகக் கேட்டேன்.

பாய் எனக்கு ஒரு சுலைமானி டீ வரவழைத்தார். பிறகு நிதானமாக ஆரம்பித்தார். "தம்பி, எம் பொண்ணு 1993-ல இங்கேதான் பொறந்தா. அப்ப எல்லாம் இந்தச் சங்கதி இல்லே. அப்பனோ ஆத்தாளோ இந்தியாவுல பொறந்த இந்தியப் பிரஜையா இருந்தாப் போதும், புள்ள எங்கே பொறந்தாலும் தானா இந்தியன். கான்சுலேட்ல எழுதி வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி. ஆனா எம் பேரன் 2010-ல பொறந்தான் பாருங்க, அவனுக்கு நடையா நடந்தேன். நடுவுல சட்டம் மாறிப்போச்சு."

அவர் சொன்னதை அப்புறம் நான் சட்டப் புத்தகத்தில் சரிபார்த்தேன். பாய் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. 1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவுதான் வம்சாவளிக் குடியுரிமையைச் சொல்கிறது. முதலில் அப்பா இந்தியராக இருந்தால் மட்டுமே பிள்ளைக்கு வந்தது. அம்மா மட்டும் இந்தியர் என்றால் கிடையாது! 1992 டிசம்பர் 10-லிருந்துதான் அம்மாவுக்கும் அந்த உரிமை வந்தது. பிறகு 2003-ல் ஒரு திருத்தம் போட்டு, அதை 2004 டிசம்பர் 3-லிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் வெளிநாட்டில் பிறக்கிற குழந்தை, பெற்றோர் இந்தியர் என்ற ஒரே காரணத்துக்காக இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. பிறந்த ஒரு வருஷத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதன் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால்தான் குடியுரிமை.

அதாவது, பதிவு என்பது ஏற்கெனவே இருக்கிற குடியுரிமைக்கு ஒரு ரசீது இல்லை. அந்தப் பதிவுதான் குடியுரிமையையே தருகிறது. நானும் என்னைப் போன்ற பல பேரும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

"அப்போ இன்னிக்குத் தேதிக்கு என் பையன் எந்த நாட்டுக்காரன் பாய்?"

"துபாய்ல பொறந்தா துபாய்க்காரன் ஆக முடியாது. இந்த ஊரு சட்டம் அப்படி. இந்தியாவுலயும் இன்னும் எழுதலே. டீயைக் குடிங்க, ஆறிடும்."

டீ தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை, அவன் எங்க ஊர்க்காரன்" என்றாள். சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாளே பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த விண்ணப்பித்தேன். அங்கேதான் அடுத்த சிக்கல். 'எஸ்'ஸை எடுத்துவிட்டு என்ன போடுவது?

பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்கள். ஒன்று கிவன் நேம். இன்னொன்று சர்நேம், அதாவது குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அதனால் துபாயில் பாதிப் பேர் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பேங்க்கில் அப்பா பெயரைக் கூவுவார்கள்; நான் பாட்டுக்கு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பேன். என் மனைவி பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என் மாமனார் பெயர். ஆக, வீட்டில் மூன்று பேர்; மூன்று குடும்பப் பெயர்!

ஆபீஸ் நண்பர் ஒருவர், "சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டுருங்க, தொல்லையே இல்லை" என்றார். பாய் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று அமீரகம் அறிவித்ததையும், அப்போது எத்தனை பேர் தம்மிடம் ஓடிவந்தார்கள் என்பதையும் சொன்னார். "புள்ளைக்கு ரெண்டு கட்டத்தையும் நிரப்பி வைங்க தம்பி. நாளைக்கு அவன் எந்த ஊருக்குப் போவானோ!"

இரண்டு வழிதான் இருந்தது. தமிழ் முறைப்படி என் பெயரைப் போடுவது. அல்லது என் பாஸ்போர்ட்டில் இருக்கிற அப்பா பெயரையே குடும்பப் பெயராக இவனுக்கும் தொடர்வது. இரண்டாவதில் எனக்கு ஆசை அதிகம். அப்பா படுக்கையில் கிடக்கும்போது அவர் பெயர் பேரனுக்குப் போகட்டுமே என்று நினைத்தேன்.

வீடியோவில் அப்பாவையே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவனுக்கு அப்பன் நீயா, நானா?" என்றார். அவ்வளவுதான். என் பெயரையே போட்டோம். கிவன் நேமில் பையன் பெயர், சர்நேமில் என் பெயர். அதே வரிசை, அதே எழுத்துக்கூட்டல், திருத்திய சான்றிதழிலும், பிறப்புப் பதிவு விண்ணப்பத்திலும், பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும். ஓர் எழுத்து மாறினாலும் இன்னொரு நடை என்று பாய் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். நான் எழுதின காதல் கடிதத்தைக்கூட யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

திருத்திய சான்றிதழ் வந்து, மறுபடி முத்திரை வாங்கினபோது ஐம்பத்தெட்டாவது நாள்.

அடுத்து போட்டோ. வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வேறு யார் கையும் தெரியக் கூடாது. இரண்டு மாதக் குழந்தைக்கு இந்த நிபந்தனைகள்! இவனோ, கண்ணைத் திறந்தால் வாயையும் திறப்பான். வாயை மூடினால் தூங்கிவிடுவான். கடைசியில் கட்டிலில் வெள்ளை வேஷ்டியை விரித்து அவனைக் கிடத்தி, நான் நாற்காலி மேல் ஏறி நின்று, என் மனைவி கிலுகிலுப்பையை ஆட்ட, முப்பத்தேழாவது படத்தில் வாயை மூடிக்கொண்டு என்னை ஒரு முறை முறைத்தான். அதுதான் இன்றைக்கும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. பையன் என்றால் இடது கை, பெண் குழந்தை என்றால் வலது கை. மூடின முஷ்டியிலிருந்து கட்டைவிரலைப் பிரித்தெடுப்பது, தேங்காய் ஓட்டிலிருந்து பருப்பைக் கெல்லுவது மாதிரி. மை அவன் விரலில் பட்டதைவிட என் சட்டையில் பட்டதுதான் அதிகம்.

அறுபத்து மூன்றாவது நாள் மறுபடி அதே கவுண்டர். இந்த முறை 'டிசென்ட்' என்று சரியாகக் குறித்திருந்தேன். பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், விசா, கல்யாணச் சான்றிதழ், திருத்திய பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் உறுதிமொழி. 'இந்தக் குழந்தையிடம் வேறெந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லை' என்று நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

என் மனைவி, "இதை எதுக்குக் கேக்கறாங்க? இவன்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே!" என்றாள்.

எங்களுக்கு அது வெறும் கையெழுத்துதான். ஆனால் அமெரிக்காவில் இருக்கிற என் சித்தப்பா மகனுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. அங்கே பிறக்கிற குழந்தை பிறந்த அன்றே அமெரிக்கப் பிரஜை. அமெரிக்க பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 'இந்தியக் குடியுரிமையையும் பதிந்துவிடலாம்' என்று போனான். அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியவில்லை. திரும்பி வந்து, வெளிநாட்டுப் பிரஜையான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டையை வாங்கிக்கொண்டான். அதன் பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும், ஓட்டு கிடையாது, இந்திய பாஸ்போர்ட் கிடையாது. இரண்டு படகில் கால் வைக்க நம் சட்டம் விடுவதில்லை.

மூன்று வாரத்தில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று பாஸ்போர்ட். இன்னொன்று, துணைத் தூதரகம் கொடுத்த பிறப்புப் பதிவுச் சான்றிதழ். பளபளவென்று இருந்த பாஸ்போர்ட்டை நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மற்றக் காகிதத்தைக் கவரிலேயே விட்டுவிட்டோம். பாய்தான் சத்தம் போட்டார்.

"பாஸ்போர்ட்டு அஞ்சு வருஷத்துல காலாவதி ஆயிரும் தம்பி. தொலைஞ்சா வேற வாங்கலாம். அந்தப் பேப்பர்தான் மூலம். நாளைக்கு ஊர்ல பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போறப்ப, 'வெளிநாட்டுல பொறந்த புள்ள, எப்படி இந்தியன்?'னு கேட்டா இதைத்தான் காட்டணும். துபாய் சான்றிதழ் அவன் இங்கே பொறந்தான்னு மட்டும்தான் சொல்லும். அவன் யாருன்னு சொல்லாது."

பாயின் அருமை, ஐரோப்பாவில் இருக்கிற என் கல்லூரி நண்பன் போன் செய்தபோது இன்னும் நன்றாகப் புரிந்தது. அவன் இருக்கிற ஊரில் எங்களைப் போல 120 நாள் நெருக்கடி இல்லை. குளிர் போகட்டும், லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறான். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் கேக் வெட்டி இரண்டு மாதம் கழித்துத் தூதரகத்துக்குப் போனால், "ஒரு வருஷம் தாண்டிடுச்சே!" என்றார்களாம். தாண்டினால் கதவு அடியோடு மூடுவதில்லை. ஆனால் அதற்கப்புறம் பதிவு செய்ய மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஏன் தாமதம் என்று எழுதிக் கொடுத்து, ஃபைல் டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவன் மனைவியின் தங்கை கல்யாணம் அந்த இடைவெளியில் நடந்து முடிந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் மூன்று பேருமே வரவில்லை.

"குளிருதுன்னு சும்மா இருந்துட்டேன்டா" என்றான். நான் பதில் பேசவில்லை. எனக்கு அந்த 120 நாள் கெடு இல்லாதிருந்தால், நானும் அவனைப்போல் 'அப்புறம் பார்த்துக்கலாம்' கேஸ்தான்.

விசாவும் முடிந்து, நூற்றெட்டாவது நாள் திருச்சி விமானத்தில் ஏறினோம். இமிக்ரேஷனில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முறைக்கிற போட்டோவைப் பார்த்தார், தூங்குகிறவனைப் பார்த்தார். டொக்கென்று முத்திரை. அவன் முதல் தடவையாகத் தன் நாட்டுக்குள் வந்தான், வாயில் விரலோடு.

வீட்டில் அப்பாவின் இடது பக்கத்தில் அவனைப் படுக்க வைத்தோம். நல்ல கையால் அவன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அந்த புஸ்தகத்தைக் காட்டு" என்றார். கண்ணாடியை மாட்டிவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறந்த இடம் துபாய். தேசியம் இந்தியன். கடைசிப் பக்கத்தில் தகப்பனார் என்று இருந்த இடத்தில் என் பெயரையும், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த தன் பெயரையும் விரலால் தொட்டார்.

"நீ பொறந்தப்ப, வி.ஏ.ஓ.வை டீக்கடையில பார்த்துச் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. அதோட சரி. ஒரு டீ செலவு" என்றார்.

பதிவுச் சான்றிதழைக் காட்டி, பாய் சொன்னதையெல்லாம் சொன்னேன். அப்பாவுக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது. "பட்டா மாதிரின்னு சொல்லு. நெலம் நம்மளுதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா பட்டா இல்லேன்னா நம்மளுது இல்லே."

அதன் நகல் ஒன்று இப்போது அப்பாவின் தகரப் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு நடுவே இருக்கிறது. அசல் எங்களிடம் துபாயில். லேமினேஷன் போடலாமா என்று கேட்டதற்கு, பாய் என்னை முறைத்தார். அசப்பில் என் மகனின் பாஸ்போர்ட் போட்டோ மாதிரியே இருந்தது.